சில்லு ஆட்டம் நிக்கேல்லையா? பலன்ஸ் செய்யேக்க விடுற பிழையள்

கராஜில எங்கட காலத்துப் பெடியள் விட்ட பிழையளையே இப்பத்தைப் பெடியளும் விடுறாங்கள். நட் இறுக்க மறக்கிறது மாதிரியானதுகள இதில எழுதேல்ல, அதெல்லாம் ஒருக்கா ஏச்சு வாங்கினா சரிவந்திடும்.

ஸ்டாட்டிக் மட்டும் பாக்கிறது

ஸ்டாட்டிக் பிழை எண்டா சில்லின்ர ஒரு பக்கம் கனம், அதால மேல கீழ துள்ளும். டைனமிக் பிழையில உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒத்துப்போகாது, சில்லு இடம் வலமா வெட்டி ஸ்டியரிங்க நடுங்க வைக்கும். கார் சில்லுக்கு ரெண்டு பக்கமும் பாத்துத்தான் ஈயம் வைக்கோணும், அலோய் றிம் வடிவு கெட்டுப்போம் எண்டு நடுவில ஒரே இடத்தில ஒட்டிவிட்டா அரைவேலைதான்.

துருவோட மெசினில ஏத்திறது

நடு விலகும், பிறகு காட்டுற எண் எல்லாம் பொய்.

மெசினில 00 வந்தா முடிஞ்சுது எண்டு நினைக்கிறது

இதுதான் எனக்கு இப்பவும் விசர் வாற விசயம். ஒரு அக்ஸியோ, முன்னுக்கு ரெண்டும் புது ரயர், ஏ9 றோட்டில 85ஐத் தாண்டினா ஸ்டியரிங் நடுங்குது. வேற ஒரு இடத்தில பலன்ஸ் செய்து, இனி ஈயம் தேவையில்லை எண்டு மெசினில 00 வருது, ஆட்டம் நிக்கேல்ல, திருப்பியும் பலன்ஸ், திருப்பியும் 00, பிறகு சில்லில பிழையில்லை எண்டு சொல்லி போல் ஜொயின்ற், சொக் அப்சோபர் எல்லாம் மாத்திக் காசைக் கரைச்சுப்போட்டுத்தான் அந்த மனுசன் எங்களிட்ட வந்தவர்.

மெசின் கனத்தை மட்டும்தான் பாக்குது, அதுவும் சில்லு அந்தரத்தில சுத்தேக்க. றோட்டில காரின்ர பாரம் ரயரில குந்தியிருக்கு, உருண்டை பிசகினாலோ ஒரு இடம் விறைப்பா இருந்தாலோ ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா அடிக்கும், 85இல அது செக்கனுக்குக் கிட்டத்தட்ட 12 தரம். ஈயம் வைச்சு அதை நிப்பாட்டேலாது.

முதல் முன் சில்லுகளப் பின்னுக்கு மாத்திப் போட்டு ஓடினம். நடுக்கம் ஸ்டியரிங்க விட்டு சீற்றுக்கு வந்திட்டுது, அப்ப பிழை சில்லிலதான். டயல் கேஜ் வைச்சுச் சுத்திப் பாத்தா ஒரு சில்லில ரயர் றிம்மில பூட்டினபடி மேடு 1.4 மில்லிமீற்றர், றிம் தனிய 0.5. ரெண்டு மேடும் ஒரே இடத்தில ஏறி நிண்டது. சோக்கால குறி போட்டு, காத்தை இறக்கி, ரயரைக் கழட்டி, அதின்ர மேடு றிம்மின்ர பள்ளத்தில வாற மாதிரித் திருப்பிப் பூட்டினம். 0.5 அளவுக்கு இறங்கிச்சு, பிறகு டைனமிக் பலன்ஸ், ஆட்டம் போச்சு.

றோட் போஸ் மெசின் இதைத்தான் செய்யுது, ஒரு உருளையைச் சில நூறு கிலோ பாரத்தில ரயரில அழுத்திச் சுத்தி, எங்க விறைப்பு, றிம்ம எந்தப்பக்கம் திருப்போணும் எண்டு அதே சொல்லும். டயல் கேஜ் உருவத்தை மட்டும்தான் பாக்கும், பாக்க உருண்டையா இருந்து உள்ளுக்க விறைச்ச ரயரை அது பிடிக்காது. அந்த மெசின் கைக்கெட்டாட்டி நல்ல ரயர் ஒண்டைக் கடன் வாங்கிப் பூட்டி ஓடிப் பாக்கிறதுதான் வழி, போல் ஜொயின்ற்றக் கழட்டுறதுக்கு முதல்.

பிறேக் பிடிக்கேக்க மட்டும் ஆடுதா

டிஸ்க்கைப் பாருங்கோ, சில்லைத் தொடாதேங்கோ.