ஆர்டர் போட்ட நாள், மூட்டை வந்த நாள்: டீலரின் தாமதத்தை எக்செல்லில் கணக்கிடுவது எப்படி?

ஆத்தங்குடியில் என் சித்தப்பா டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். நான் காரைக்குடியில் இருக்கிறேன், மாதம் ஒருமுறை போய்க் கணக்கு பார்த்துக் கொடுப்பேன். போன மாதம் போனபோது, "சிவப்பு ஆக்ஸைடு ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வருது சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஒரு வாரந்தான்ப்பா" என்றார்.

உள்ளேயிருந்து சித்தியின் குரல் வந்தது: "பொங்கலுக்கு மூணு வாரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தோமே, அது என்ன கணக்கு?"

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். சித்தப்பா சொன்னது வழக்கமாக ஆகும் நாள், சித்தி சொன்னது மோசமான நேரத்தில் ஆகும் நாள். இந்த இரண்டையும் பழைய தேதிகளிலிருந்து எப்படி எடுப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் எதில் வேண்டுமானாலும் செய்யலாம். ஃபார்முலா ஒன்றேதான்.

சிவப்பை மட்டும் ஏன் எடுத்தேன் என்றால், அது இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து ஒவ்வொரு நிறமாக ஊற்றும்போது ஒரு நிறம் குறைந்தாலும் அந்த டிசைனைப் போட முடியாது. அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு மூட்டை வாங்கினால் சிவப்பு ஒரு சாயல் மாறும். ஒரே கூடத்துத் தரையில் இரண்டு சிவப்பு தெரிந்தால் வீட்டுக்காரர் விடமாட்டார். நீங்களும் முதலில் அப்படிப்பட்ட ஒரு பொருள், ஒரு டீலர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சரக்கையும் ஒரே பட்டியலில் கலந்தால் வரும் எண் எதற்கும் உதவாது.

1. தேதிகளைத் தேடி எடுப்பது

வேலையில் பாதி இதுதான். ஆர்டர் போட்ட நாள் சித்தப்பாவின் வாட்ஸ்அப்பில் இருந்தது. "6 மூட்டை அனுப்புங்க" என்று அனுப்பிய நாளையே எடுத்துக்கொண்டேன். டீலர் பதில் சொன்ன நாளோ பணம் போட்ட நாளோ அல்ல.

வந்த நாளில்தான் நிறையப் பேர் தவறுவார்கள். பில்லில் இருக்கும் தேதி, டீலர் பில் போட்ட தேதி. லாரி ரசீதில் இருப்பது சரக்கு புக் ஆன தேதி. இரண்டுமே மூட்டை பட்டறைக்குள் வந்த தேதி கிடையாது. நல்லவேளை, மூட்டை இறக்கிய கூலியைச் சித்தி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்தக் கூலித் தேதிகள்தான் எனக்கு உண்மையான வரவுத் தேதிகள்.

சரக்கு பிரிந்து வந்திருந்தால் கடைசி மூட்டை வந்த நாளை எழுதுங்கள். பொங்கல் ஆர்டரில் 2 மூட்டை 11-01-2025 அன்றே வந்துவிட்டது, மீதி 4 மூட்டை 25-01-2025-இல்தான் வந்தது. முதல் தேதியை எழுதினால் 9 நாள், கடைசித் தேதியை எழுதினால் 23 நாள். எது சரி என்பதில் ஒன்றிரண்டு கருத்து உண்டு. கேட்ட அளவு முழுவதும் வந்தால்தான் ஆர்டர் முடிந்தது என்பது என் கட்சி.

2. பட்டியல் போடுவது

மூன்று தேதிகள் போதும். இந்த டீலர் எப்போதும் "ஒரு வாரம்" என்றே சொல்வார், அதனால் சொன்ன நாள் என்பது ஆர்டர் நாளோடு 7 கூட்டியது.

| A: ஆர்டர் நாள் | B: சொன்ன நாள் | C: முழுதும் வந்த நாள் | D: ஆன நாட்கள் | E: தாமதம் |
|---|---|---|---|---|
| 05-02-2024 | 12-02-2024 | 12-02-2024 | 7 | 0 |
| 04-03-2024 | 11-03-2024 | 09-03-2024 | 5 | -2 |
| 08-04-2024 | 15-04-2024 | 16-04-2024 | 8 | 1 |
| 06-05-2024 | 13-05-2024 | 13-05-2024 | 7 | 0 |
| 03-06-2024 | 10-06-2024 | 12-06-2024 | 9 | 2 |
| 01-07-2024 | 08-07-2024 | 12-07-2024 | 11 | 4 |
| 05-08-2024 | 12-08-2024 | 12-08-2024 | 7 | 0 |
| 03-09-2024 | 10-09-2024 | 09-09-2024 | 6 | -1 |
| 21-10-2024 | 28-10-2024 | 06-11-2024 | 16 | 9 |
| 20-11-2024 | 27-11-2024 | 26-11-2024 | 6 | -1 |
| 02-01-2025 | 09-01-2025 | 25-01-2025 | 23 | 16 |
| 10-02-2025 | 17-02-2025 | | | |

கடைசி வரிசை காலியாக இருப்பதைக் கவனியுங்கள். நான் கணக்குப் போட்ட 03-03-2025 அன்று அந்தச் சரக்கு இன்னும் வரவில்லை. அந்த வரிசையை அழித்துவிடாதீர்கள், அதில் விஷயம் இருக்கிறது.

D2, E2 கட்டங்களில் இவற்றைப் போட்டுக் கீழே வரை இழுங்கள்:

```
=IF(C2="","",C2-A2)
=IF(C2="","",C2-B2)
```

விடை 7 என்று வராமல் 07-01-1900 என்பது போல ஏதாவது தேதி வந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதியிலிருந்து எண்ணுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

3. தேதி உண்மையிலேயே தேதிதானா?

கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 03-09-2024 என்பதை மார்ச் 9 என்று படித்துக்கொள்ளும். எனக்கு அதுதான் நடந்தது. 6 நாளில் வந்த செப்டம்பர் மூட்டை 184 நாள் ஆனதாகக் காட்டியது! தேதி 12-ஐத் தாண்டினால் கதை வேறு. 13-ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் 13-05-2024 வெறும் எழுத்தாகவே நின்றுவிடும், கழித்தால் `#VALUE!` வரும். ஆக ஒரே பட்டியலில் சில வரிசை பிழை காட்டும், சில வரிசை கூசாமல் தப்பான எண்ணைக் காட்டும். ஆபத்து இரண்டாவதில்தான்.

கண்டுபிடிக்க, பக்கத்தில் ஒரு காலிக் கட்டத்தில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=TEXT(A2,"yyyy-mm-dd")
```

செப்டம்பர் ஆர்டருக்கு 2024-09-03 என்று வந்தால் சரி. மாதம் மாறியிருந்தாலோ, நீங்கள் அடித்தது அப்படியே திரும்பி வந்தாலோ, தேதியை 2024-09-03 என்ற வரிசையில் மறுபடி அடித்துவிடுங்கள். அந்த வரிசையில் குழப்பம் வராது.

4. வழக்கம் எது, மோசம் எது

முதலில் கை சராசரிக்குத்தான் போகும். முடிந்த 11 ஆர்டர்களின் சராசரி 9.5 நாள். ஆனால் அந்த 11-இல் 8 ஆர்டர்கள் 9.5 நாளுக்கு முன்பே வந்துவிட்டன. தீபாவளியும் பொங்கலும் சேர்ந்து சராசரியை மேலே இழுத்துவிட்டன. சித்தப்பாவின் "ஒரு வாரம்" அதில் இல்லை, சித்தியின் "மூணு வாரம்" அதில் இல்லை. இந்த வேலைக்குச் சராசரி வேண்டாம்.

அதற்குப் பதில் நாட்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்:

5, 6, 6, 7, 7, 7, 8, 9, 11, 16, 23

நடுவில் நிற்கும் ஆறாவது எண் 7. அதுதான் வழக்கம். பத்தாவது எண் 16, பத்தில் ஒன்பது பங்கு ஆர்டர் இதற்குள் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கடைசி எண் 23, இதுவரை பார்த்ததிலேயே மோசம். எக்செல்லில்:

```
=MEDIAN(D2:D13)
=PERCENTILE.INC(D2:D13,0.9)
=MAX(D2:D13)
```

இதையே E பத்தியில் போட்டால் தாமதம் வரும்: வழக்கமாக 0, மோசமானால் 9, படுமோசமானால் 16 நாள். டீலர் சொன்ன வாக்கை வழக்கமாகக் காப்பாற்றுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும் இல்லையா.

பட்டறையில் சிவப்பு நாளுக்குச் சுமார் 5 கிலோ போகிறது, மூட்டை 25 கிலோ. 7 நாளை நம்பினால் கையிருப்பு 35 கிலோவுக்கு இறங்கும்போது ஆர்டர் போட்டால் போதும். 16 நாளை நம்பினால் 80 கிலோவிலேயே போட வேண்டும். சித்தப்பா இதுநாள் வரை இரண்டு மூட்டை மிச்சமிருக்கும்போது போன் எடுப்பவர். வழக்கமான மாதங்களில் அது சரியாக ஓடியிருக்கிறது, பண்டிகையில் கவிழ்ந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: 11 ஆர்டரை வைத்துக்கொண்டு எடுக்கும் 90 சதவீதம் என்பது, உண்மையில், இரண்டாவது மோசமான ஆர்டர் மட்டுமே. அந்த ஒரு ஆர்டர் மாறினால் எண்ணும் மாறிவிடும்.

5. நீளமான வரிசைகளை ஒவ்வொன்றாக விசாரிப்பது

11 நாளான ஜூலை ஆர்டரை எடுத்து லாரி ஆபீஸில் விசாரித்தேன். சரக்கு காரைக்குடி வந்து சேர்ந்தது 09-07-2024. மூன்று நாள் அங்கே குடோனில் கிடந்திருக்கிறது, எடுத்துவர நாங்கள்தான் வண்டி அனுப்பவில்லை. டீலரிடம் சண்டை போட இந்த வரிசை உதவாது. ஆனால் கையிருப்புக் கணக்கில் 11 என்றே இருக்கட்டும். தப்பு யாருடையதாக இருந்தாலும் பட்டறைக்கு மூட்டை வந்தது அன்றைக்குத்தான்.

16 நாளானது தீபாவளியைத் தாண்டி வந்தது, 23 நாளானது பொங்கலைத் தாண்டி வந்தது. "பண்டிகை இரண்டையும் எடுத்துவிட்டால் 11-க்கு மேல் போகாது, அப்போ மூணு மூட்டை இருப்பு போதும்" என்றார் சித்தப்பா. கேட்க நன்றாகத்தான் இருந்தது, எனக்கும் கொஞ்ச நேரம் அப்படித்தான் பட்டது.

6. இன்னும் வராத ஆர்டர்

அப்புறம்தான் அந்தக் காலி வரிசை கண்ணில் பட்டது. பிப்ரவரி 10-இல் போட்டது, தீபாவளி, பொங்கல் போலப் பெரிய பண்டிகை எதுவும் இல்லாத நேரம். மார்ச் 3 அன்று 21 நாள் ஆகியும் வரவில்லை. வராததால் மேலே போட்ட மூன்று ஃபார்முலாவிலும் அது சேரவே இல்லை. தாமதமாகிக்கொண்டிருக்கும் ஆர்டரைத்தான் இந்தக் கணக்கு பார்க்காமல் விடுகிறது, அதனால் டீலர் இருப்பதைவிட நல்லவராகத் தெரிகிறார்.

அதைச் சேர்க்க, தனியாக F பத்தியில் இப்படிப் போடுங்கள்:

```
=IF(C2="",TODAY()-A2,C2-A2)
```

வராத ஆர்டருக்கு "இதுவரை ஆன நாள்" வரும். மார்ச் 3 அன்று F பத்தியில் அதே மூன்று ஃபார்முலாவையும் போட்டபோது வழக்கம் 7-லிருந்து 7.5 ஆனது, பெரிய மாற்றமில்லை. 90 சதவீதமோ 16-லிருந்து 20.5-க்குத் தாவியது. அதுவும் குறைந்தபட்சம்தான், அந்த 21 நாள் என்பது மூட்டை வரும்வரை தினமும் கூடும். நேற்றுப் போட்ட ஆர்டரையும் இப்படிச் சேர்த்தால் "1 நாள்" என்று வந்து கணக்கைக் கெடுக்கும். அதனால் சொன்ன நாளைத் தாண்டிய வரிசைகளை மட்டும் சேர்ப்பது என் வழக்கம்.

சித்தப்பா அன்றே டீலருக்குப் போன் போட்டார். தொழிற்சாலையிலிருந்து அவருக்கே சரக்கு வரவில்லையாம். மூட்டைகள் வந்தது 08-03-2025, 26 நாள். இடையில் பட்டறை சிவப்பில்லாத டிசைன்களாகப் போட்டுக்கொண்டிருந்தது. இப்போது சுவரில் சாக்பீஸால் "சிவப்பு 5 மூட்டை" என்று எழுதி ஒரு கோடு இருக்கிறது. அடுக்கு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் போன் போடும் வேலையைச் சித்தி எடுத்துக்கொண்டுவிட்டார்.