பணம் இனி வேறு கணக்குக்கு: பாக்டரிங் அறிவிப்புக் கடிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்வாய்ஸை பாக்டரிங் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பெரும்பகுதியை முன்பணமாக வாங்கிக்கொள்ளும் சிறுதொழில்கள் பெருகியிருக்கின்றன. அவர்களின் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. பணத்தை இனி பாக்டரிங் நிறுவனத்துக்கே செலுத்தச் சொல்லி வாடிக்கையாளருக்குக் கடிதம் அனுப்பும் இடத்தில் புதிதாக வருபவர்கள் ஒரே மாதிரி சறுக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கடிதத்தை பர்ச்சேஸ் மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வருவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஆர்டர் தருபவர் அவர்தான், பழக்கமும் அவரிடம்தான். ஆனால் பணம் அனுப்புவது அக்கவுண்ட்ஸ் பிரிவு. அவர்கள் பார்ப்பது தங்கள் கணினியில், உங்கள் பெயருக்கு நேரே வெண்டார் மாஸ்டரில் பதிவாகியிருக்கும் வங்கிக் கணக்கை மட்டுமே. அது மாறாதவரை கடிதம் மேனேஜரின் மேசையில் கிடக்கும் காகிதம்தான்.

ஒரு அட்டைப்பெட்டி ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். 10 லட்ச ரூபாய் இன்வாய்ஸுக்கு பாக்டரிங் நிறுவனம் 8 லட்சம் முன்பணம் தந்தது. கடிதம் பர்ச்சேஸ் பிரிவோடு நின்றுவிட்டது. போதாததற்கு, ஆலையின் இன்வாய்ஸ் அடியில் பழைய கணக்கு எண்ணே அச்சாகிக்கொண்டிருந்தது. தவணை நாளில் 10 லட்சமும் பழைய கணக்குக்கே வந்தது.

அது சி.சி. கணக்கு, அதாவது வங்கி தரும் கேஷ் கிரெடிட் கடன் கணக்கு. பாக்டரிங்குக்கு எழுதிக் கொடுத்த இன்வாய்ஸ் தொகைகளை வங்கி சேர்த்துக்கொள்ளாததால், எடுக்கக்கூடிய வரம்பான டிராயிங் பவர் 22 லட்சமாகக் குறைந்திருந்தது. ஆலை எடுத்திருந்ததோ 26 லட்சம். வந்த பணத்தில் 4 லட்சம் அந்த மீறலை அடைக்கவே போய்விட்டது. திரும்ப எடுக்க முடிந்தது 6 லட்சம். பாக்டரிங் நிறுவனத்துக்குச் சேர வேண்டியதோ முழு 10 லட்சம். தன் முன்பணத்தையும் கட்டணத்தையும் கழித்துக்கொண்டுதான் மீதியை அது தரும். 4 லட்சத்துக்கு ஆலை எங்கே போகும்?

அதோடு முடியவில்லை. முறையான அறிவிப்பு கிடைத்த பிறகு பழைய கணக்கில் செலுத்தினால், பாக்டரிங் நிறுவனத்தைப் பொறுத்தவரை வாடிக்கையாளரின் கடன் தீர்ந்ததாகாது. 2011-ஆம் ஆண்டின் பாக்டரிங் ஒழுங்குமுறைச் சட்டப்படி, அறிவிப்பு கிடைத்ததும் பாக்டரிங் நிறுவனத்துக்குத்தான் செலுத்த வேண்டும். அதனால் அதே தொகையைக் கேட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் போனது. ஒரே பில்லுக்கு இரண்டாம் முறை பணம் கேட்டால் யார் பொறுப்பார்கள்? அடுத்த ஆர்டர் வேறு ஆலைக்குப் போய்விட்டது.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? கடிதத்தை நிதிப் பிரிவின் தலைவருக்கு அனுப்பி, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். வெண்டார் மாஸ்டரில் கணக்கை மாற்றும் படிவத்தைக் கேட்டு நிரப்பித் தர வேண்டும். கணக்கு பாக்டரிங் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், உங்கள் பெயரோடு பொருந்தவில்லை என்று அந்தப் படிவம் திரும்பி வரக்கூடும். அதை முன்பே சொல்லி, யார் பெயருக்குப் பணம் போக வேண்டும் என்பதைக் கடிதத்திலும் எழுதிவிடுங்கள். அன்றே இன்வாய்ஸ் அச்சையும் மாற்றுங்கள். முதல் தவணைக்கு முன், கணினியில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்டுச் சரிபாருங்கள்.

"எங்கள் கணக்கு மாறிவிட்டது" என்று வெறும் மின்னஞ்சல்

மோசடிக்காரர்கள் அனுப்புவதும் இதே வாசகம்தான். விவரமான அக்கவுண்டன்ட் உடனே பணத்தை நிறுத்தி வைப்பார். அவர் செய்வது சரி. லெட்டர்ஹெட்டில், நீங்கள் கையெழுத்திட்டு, பாக்டரிங் நிறுவனத்தின் பெயர், முகவரியோடு கடிதம் போக வேண்டும். அந்த நிறுவனமே அனுப்பினால் உங்கள் வெளிப்படையான அங்கீகாரம் கூடவே இருக்க வேண்டும். அனுப்பியதும், வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே இருக்கும் உங்கள் எண்ணிலிருந்து நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

எந்த இன்வாய்ஸ் என்று சொல்லாமல் விடுவது

பழைய பில்கள் உங்களுக்கு, புதியவை பாக்டரிங் நிறுவனத்துக்கு என்றால் எண், தேதி, தொகையோடு பட்டியல் வேண்டும். இனி வரும் எல்லா பில்லும் என்றால், எந்தத் தேதி முதல் என்று எழுதுங்கள். அரைகுறையாக எழுதினால் அக்கவுண்டன்ட் இரண்டையும் நிறுத்தி வைப்பார்.

வங்கியிடம் என்.ஓ.சி. வாங்காதது

சி.சி. கடனுக்கு, வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பணமும் அடமானத்தில் இருக்கும். முதலில் என்.ஓ.சி., அப்புறம் கடிதம்.

ஏற்பாடு முடிந்ததும் நீங்களே "பழைய கணக்குக்கே அனுப்புங்கள்" என்று எழுதுவது

செல்லாது. விடுவிப்புக் கடிதம் பாக்டரிங் நிறுவனத்திடமிருந்து வர வேண்டும்.