பல்லவியைத் தூக்கிக் கொடுக்க டபுள் வைக்கும்போது செய்யக்கூடாதவை

லீட் என்னும் முதன்மைக் குரலின் அடியில் அதே வரியை இன்னொரு முறை பாடி வைப்பதுதான் டபுள். வீட்டில் பாட்டு பதிவு செய்கிறவர்கள் அனுப்பும் மிக்ஸ்களில் இதில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. சுருதி விலகல், மைக்கில் காற்று அடிப்பது போன்றவற்றை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். இது அப்படிப்பட்டதல்ல. கேட்கும்போது முதலில் நன்றாகவே இருக்கும்.

பாடியதையே நகலெடுத்து டபுள் என்று வைப்பது

லீட் டிராக்கை அப்படியே காப்பி செய்து அடியில் ஒட்டினால் குரல் இரண்டாகாது. 6 டெசிபல் சத்தம் கூடும், அவ்வளவுதான். அது தெரிந்தவுடன் அடுத்த வேலையாக நகலை 10 மில்லி செகண்ட் தள்ளி, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைக்கிறார்கள். ஹெட்போனில் குரல் அகலமாக விரிந்து கேட்கும். அதில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

அதே மிக்ஸை ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலக்கும். 10 மில்லி செகண்ட் இடைவெளியில் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொரு 100 ஹெர்ட்ஸுக்கும் ஓர் இடத்தில் ஒலி ஒன்றையொன்று அழிக்கும். குழாய்க்குள்ளிருந்து பாடுவதுபோல் குரல் மெலிந்துவிடும். பெரிதாக எழ வேண்டிய பல்லவி, சரணத்தைவிடச் சிறியதாகக் கேட்கும்.

நிஜமாக இரண்டாம் முறை பாடினால் இப்படி ஆகாது. நேரமும் சுருதியும் சொல்லுக்குச் சொல் கொஞ்சம் மாறிக்கொண்டே இருப்பதால், அழியும் இடம் எங்கும் நிலைத்து நிற்பதில்லை. 1966இல் அபே ரோடு ஸ்டுடியோவில் கென் டவுன்சென்ட், பீட்டில்ஸ் குழுவினருக்கு இரண்டாம் முறை பாடும் வேலையை மிச்சப்படுத்த, டேப்பைக் கொண்டு செயற்கை டபுளிங் செய்தார். அங்கேயும் டேப்பின் வேகத்தை அசைத்து, இடைவெளி மாறும்படிதான் வைத்தார்கள்.

சந்தேகம் இருந்தால் மாஸ்டரை மோனோவுக்கு மாற்றி, டபுளை மியூட் செய்தும் திறந்தும் கேளுங்கள். திறக்கும்போது குரலின் நிறம் மாறி மெலிந்தால் அது நகல்.

இந்தத் தவறு விலை உயர்ந்ததாவது, பாடகர் கிளம்பிப் போன பிறகு தெரியவரும்போதுதான். அதனால் லீட் முடிந்த சூட்டோடு அதே மைக்கில் இன்னும் இரண்டு முறை முழுப் பல்லவியைப் பாடவைத்து வாங்கிவிடுங்கள். வாங்காமல் விட்டிருந்தால் ஒரு வழி உண்டு. கிளிக் என்னும் தாளச் சத்தத்தோடு பதிவான பாட்டில் முதல் பல்லவியின் டேக்கை எடுத்து இரண்டாம் பல்லவியின் அடியில் வைக்கலாம். சொல்லும் தாளமும் ஒன்று, பாடியது வேறு, ஆகவே அது உண்மையான டபுள். ஆனால் இரண்டையும் ட்யூனிங் மென்பொருளில் இறுக்கிப் பிடித்து ஒரே கோட்டில் நிறுத்தாதீர்கள். மறுபடியும் நகலின் பக்கமே போய்ச் சேருவீர்கள்.

டபுளும் லீட் போலவே அழுத்திப் பாடுவது

வரி ‘பட்டாம்பூச்சி’ என்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று டிராக்கிலும் ‘ட்டா’வும் ‘ச்சி’யும் அழுத்தமாக இருந்தால் ஒவ்வொன்றும் சற்று முன்பின் விழுந்து தடதடவென்று கேட்கும். வல்லின எழுத்தை லீட் மட்டும் சொல்லட்டும். டபுளில் உயிரொலியை நிறைவாகப் பாடி, ‘ட்ட’, ‘ச்ச’ ஆகியவற்றை மெல்லத் தொட்டுவிட்டால் போதும். பாடியாகிவிட்டது என்றால் அந்த எழுத்தின் மேல் மட்டும் சத்தத்தைக் குறையுங்கள். வரியின் கடைசி நீட்டல் மூன்றிலும் ஒரே இடத்தில் அறுபட வேண்டும். இதைக் கத்தரித்தே சரிசெய்யலாம்.

டபுள்களை லீடைவிட 8 முதல் 10 டெசிபல் கீழே வைத்துத் தொடங்குங்கள். டபுள் தனியாகக் காதில் விழக் கூடாது, எடுத்தால் குறை தெரிய வேண்டும்.

எக்கோவையும் ஆட்-லிப்பையும் ஒரே இடத்தில் திணிப்பது

96 பிபிஎம், நாலு வரி, வரிக்கு நாலு பீட் கொண்ட இரண்டு பார் என்றால் ஒரு வரி 5 விநாடி. பாட்டு இரண்டாம் பாரின் நடுவில் நின்றால் மிஞ்சுவது இரண்டு பீட், அதாவது 1.25 விநாடி. ஒரு நிமிடத்தின் 60000 மில்லி செகண்டை 96-ஆல் வகுத்தால் ஒரு பீட்டுக்கு 625 மில்லி செகண்ட். கடைசிச் சொல்லை மட்டும் அந்த இடைவெளியில் எக்கோ தரும் டிலேக்கு அனுப்பினால் இரண்டு முறை திரும்பி வந்து அந்த இடம் நிரம்பிவிடும். அங்கேயே ஆட்-லிப்பாக ஒரு ‘ஓஹோ’வும் பாடினால் இரண்டும் குழம்பும்.

ஒன்றாம், மூன்றாம் வரிகளுக்கு எக்கோ. இரண்டாம் வரிக்குப் பின் ஆட்-லிப். நாலாம் வரிக்குப் பின் ஒன்றுமில்லை. இப்படிப் பிரித்தாலே பல்லவி மூச்சு விடும். ஆட்-லிப்பை மைக்கிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று பாடினால் லீடுக்குப் பின்னால் போய் உட்காரும். லீட் பாடும்போது அதன் மேல் ஏறக்கூடாது.

முதல் பல்லவியிலேயே எல்லாம்

வேண்டாம். முதலில் லீட் மட்டும், இரண்டாவதில் டபுள், கடைசிப் பல்லவியில் ஆட்-லிப்.

எக்கோவின் அடிச்சத்தம்

200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள்.