இறக்கங்கள் சுருங்கும் பங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்றாக ஏறிவந்த வளர்ச்சிப் பங்கு ஒன்று ஓரிடத்தில் சில வாரங்களோ பல மாதங்களோ தங்கி, இடையில் வரும் ஒவ்வொரு இறக்கமும் முந்தையதைவிட ஆழம் குறைந்து, கடைசியில் ஏறக்குறைய அசையாமல் இறுகி, அதன் பிறகு தடையை உடைத்து மேலே செல்லும் வடிவத்தைப் பலரும் அறிவார்கள். அமெரிக்கப் பங்கு வர்த்தகர் மார்க் மினர்வினி இதை வி.சி.பி., அதாவது ஏற்ற இறக்கம் சுருங்கும் வடிவம், என்ற பெயரில் பரவலாக்கினார். பங்கு தங்கி நிற்கும் அந்தப் பகுதியை பேஸ் என்கிறோம். சந்தைக்குப் புதிதாக வருபவர்கள் இந்த வடிவத்தைச் சில நாள்களிலேயே கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் நான் ஒரு காலத்தில் பணத்தை விட்ட அதே இடங்களில்தான் அவர்களும் விடுகிறார்கள். ஓடிப்போன பங்கைத் துரத்தி வாங்குவது, விலை இறங்கினால் எங்கே விற்று வெளியேறுவது என்று முன்கூட்டியே வைக்கும் ஸ்டாப்லாஸ் இல்லாமல் வாங்குவது போன்றவற்றை எல்லோரும் எச்சரித்துவிட்டதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

பேசுவதற்கு ஒரு கணக்கு வேண்டும். ஒரு பங்கு 100-லிருந்து 200 வரை ஏறியது என்று கொள்வோம். அங்கிருந்து 150-க்கு இறங்குகிறது. ஆழம் 25 சதவீதம். மீண்டும் 194-க்கு ஏறி 169-க்கு இறங்குகிறது, 13 சதவீதம். பிறகு 192-லிருந்து 180, 6 சதவீதம். கடைசியாக 190-லிருந்து 184, 3 சதவீதம். ஒவ்வொரு இறக்கமும் முந்தையதில் ஏறத்தாழ பாதியாக இருக்கிறது. கடைசி இறக்கம் தொடங்கிய 190-தான் பிவட், அதாவது அதைக் கடந்தால் வாங்கலாம் என்று குறித்துவைக்கும் விலை.

ஆழத்தை முடிவு விலையில் அளப்பது

கோட்டு வரைபடத்தில் நாள் முடிவு விலைகள் மட்டுமே தெரிவதால், உண்மையில் இறுகாத பங்கும் இறுகியதுபோலத் தோன்றும். மேலே சொன்ன கடைசி இறக்கத்தில் ஒரு நாள் பங்கு காலையில் 176 வரை சரிந்து, மாலையில் 185-ல் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவு விலைகளை மட்டும் பார்ப்பவருக்கு ஆழம் 3 சதவீதம். மெழுகுவர்த்தி வரைபடத்தில் கீழ்நோக்கி நீண்ட அந்த வாலைச் சேர்த்து அளப்பவருக்கு அது 7 சதவீதத்துக்கு மேல். அப்படியானால் வரிசை 25, 13, 6, 7 என்று ஆகிறது, சுருக்கம் நின்றுவிட்டது. இத்தகைய நாளுக்குப் பிறகு பங்கு மீண்டும் அடங்கி, புதிதாக ஓர் ஆழமில்லாத இறக்கத்தைக் காட்டும்வரை காத்திருப்பதே முறை. அளக்கும்போது அந்தந்த ஏற்றத்தின் உச்சத்திலிருந்து அதற்கடுத்த இறக்கத்தின் அடிவரை அளக்க வேண்டும். பேஸின் முதல் உச்சமான 200-லிருந்து ஒவ்வொன்றையும் அளந்தால் எண்கள் பொருளற்றுப் போகும்.

வர்த்தக அளவு வற்றிவிட்டதாகக் கண்ணை நம்புவது

இந்தத் தவறு எனக்கு இன்னமும் எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் இதைச் செய்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். விதிகளைப் படித்து, அவற்றைப் பின்பற்றுவதாக நம்பி, வாங்கக் கூடாத பங்கை முழு நம்பிக்கையோடு வாங்குபவர்கள்.

இறக்கங்கள் ஏன் சுருங்குகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 200-க்கு அருகில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், விலை திரும்பி வந்ததும் போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேறக் காத்திருக்கிறார்கள். 100-ல் வாங்கியவர்கள் இலாபத்தைப் பார்த்து விற்கிறார்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் இந்த இரு தரப்பும் விற்பதை, நீண்ட காலம் வைத்திருக்க வருபவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். விற்க வேண்டியவர்கள் விற்று முடிக்க முடிக்க, விலையைக் கீழே தள்ள ஆளில்லாமல் போகிறது. ஆகவே இறக்கம் ஆழம் குறைகிறது. விலையின் சுருக்கம் வெறும் அறிகுறிதான். விற்பனை உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா என்பதைக் கடைசி இறக்கத்தின் வர்த்தக அளவுதான் சொல்லும். அது வழக்கமான அளவைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும். இடையில் ஒரு நாளாவது சந்தை அந்தப் பங்கையே மறந்துவிட்டதுபோல வற்றியிருந்தால் இன்னும் நல்லது.

இதற்கு நேர்மாறான நிலையிலும் விலை இறுகும் என்பதைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை. பெரிய நிறுவன முதலீட்டாளர் ஒருவர் 190-ஐ ஒட்டி நாள்தோறும் விற்றுக்கொண்டே இருக்கிறார், அதே அளவுக்கு வாங்கவும் ஆள் இருக்கிறது என்றால், விலை ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. வரைபடத்தில் அதுவும் 3 சதவீதச் சுருக்கமாகத்தான் தெரியும். ஒன்றில் விற்பவர் இல்லாததால் விலை நிற்கிறது; மற்றொன்றில் விற்பவர் நிறைய இருப்பதால் நிற்கிறது. விலையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க வழியே இல்லை.

அண்மையில் ஒருவர், இரண்டு ஆண்டுகளாகப் பங்குகளைக் கவனித்துவருபவர், கடைசி இறக்கத்தின் கீழே வட்டமிட்ட ஒரு வரைபடத்தைக் காட்டி, “அளவு எப்படி வற்றியிருக்கிறது பாருங்கள்” என்றார். அளவைக் காட்டும் தூண்கள் உண்மையிலேயே குட்டையாகத்தான் இருந்தன. ஆனால் அதே திரையின் இடப்பக்கத்தில், காலாண்டு முடிவு வெளியான நாளில், ஒரே ஒரு தூண் உச்சிவரை நின்றது. சராசரி நாளில் 10 இலட்சம் பங்குகள் கைமாறும் பங்கு அது; அந்த ஒரு நாளில் 120 இலட்சம் கைமாறியிருந்தது. திரை மிக உயரமான தூணுக்கு ஏற்பத் தன் அளவுகோலை அமைத்துக்கொள்வதால், மற்ற எல்லா நாள்களும் குள்ளமாகிவிட்டன. அவர் வட்டமிட்ட நாள்களில் கைமாறியது 11 இலட்சம். அது வழக்கத்தைவிட அதிகம். வற்றல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் எண்ணைச் சொன்னதும் அவர் 50 நாள் சராசரிக் கோட்டைக் காட்டினார். 11 இலட்சம் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. இங்கே கண்ணை அடுத்துக் கணக்கும் ஏமாற்றுகிறது. 49 நாள்கள் 10 இலட்சமும் ஒரு நாள் 120 இலட்சமும் இருந்தால் சராசரி 12.2 இலட்சமாக உயர்ந்துவிடும். ஒரே நாளின் வீக்கம் அடுத்த 50 வர்த்தக நாள்களுக்கும் ஒவ்வொரு நாளையும் அமைதியான நாளாகக் காட்டிக்கொண்டிருக்கும். காலாண்டு முடிவு வந்த நாள், குறியீட்டில் சேர்க்கப்பட்ட நாள், பெரிய மொத்த விற்பனை நடந்த நாள் என்று இப்படிப்பட்ட தூண் ஏறக்குறைய எல்லா வளர்ச்சிப் பங்குகளிலும் ஒன்றாவது இருக்கும்.

ஆகவே நான் சராசரியை விட்டு, நடு மதிப்பைப் பார்க்கிறேன்: 50 நாள்களின் அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கினால் நடுவில் நிற்கும் எண். ஒரே ஒரு பெரிய நாள் அதை அசைக்காது. அளவுகள் F பத்தியில் இருக்கும் விரிதாளில் இது ஒரே வரி வேலை:

```
=MEDIAN(F2:F51)
```

மேலே சொன்ன பங்குக்கு இது 10 இலட்சம் என்று காட்டும். உண்மையாக வற்றிய பங்கில் கடைசி இறக்கத்தின் நாள்கள் 6, 5, 4 இலட்சம் என்று இறங்கி, ஒரு நாள் 3 இலட்சத்தைத் தொடும். 11 இலட்சத்தில் ஓடும் பங்கை அதனோடு குழப்பிக்கொள்ள முடியாது.

எண்ணைப் பார்த்த பிறகும் ஐயம் இருந்தால், அன்றைய வீச்சில் விலை எங்கே முடிகிறது என்று பாருங்கள். அவர் காட்டிய பங்கு நாள்தோறும் 189 வரை போய், 186-க்கு அருகில், அதாவது அன்றைய வீச்சின் கீழ்ப்பகுதியில் முடிந்துகொண்டிருந்தது. மேலே யாரோ விற்றுக்கொண்டிருக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைக்காது. பின்னர் அது ஒரு நாள் 193-ஐத் தொட்டது. 24 இலட்சம் பங்குகள் கைமாறின. முடிவு விலை 188. பிவட்டை உடைத்து மேலே செல்லும் பிரேக்அவுட் நாளில் அளவு வழக்கத்தைவிட 40, 50 சதவீதமாவது கூடியிருக்க வேண்டும் என்ற விதி இங்கே தாராளமாகவே நிறைவேறியது. அதனால் அவர் 191-ல் வாங்கிவிட்டார். அத்தனை பங்குகளும் வாங்கப்பட்டது உண்மை, அத்தனையும் யாரோ விற்றதும் உண்மை. அடுத்த வாரத்தில் 184 உடைந்தது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. எப்போதுமே நாளுக்குச் சில ஆயிரம் பங்குகள் மட்டும் கைமாறும் பங்கில் அளவு குறைவது எதையும் உணர்த்தாது. சந்தை பாதி விடுமுறையில் இருக்கும் நாள்களின் வற்றலுக்கும் அதே கதிதான். எல்லாம் சரியாக அமைந்த பேஸும் உடைந்துபோகும், அது அடிக்கடி நடக்கும். இந்தக் கணக்கு தவிர்க்கக்கூடிய ஒரு வகைத் தோல்வியை மட்டுமே தவிர்க்கிறது.

காலாண்டு முடிவு வரும் வாரம்

அந்த வாரத்தில் புதிதாக வாங்க வேண்டாம்.

இறுக்கத்தைக் காரணம் காட்டி எண்ணிக்கையைக் கூட்டுவது

கடைசி இறக்கம் சிறியதாக இருப்பதால் ஸ்டாப்லாஸை அருகில் வைக்க முடிகிறது. இந்த வடிவத்தின் பெரிய வசதியே அதுதான். ஆனால் வசதியை எதுவரை இழுக்கலாம் என்பதற்கு அளவு வேண்டும். ஒருவரிடம் 10,00,000 மூலதனம் இருக்கிறது, ஒரு வர்த்தகத்தில் அதில் 1 சதவீதமான 10,000-க்கு மேல் இழக்க விரும்பவில்லை என்று கொள்வோம். 191-ல் வாங்கி, கடைசி அடியான 184-க்குச் சற்றுக் கீழே 183.5-ல் ஸ்டாப்லாஸ் வைத்தால், ஒரு பங்குக்கு இழப்பு 7.5, வாங்கக்கூடியது 1,333 பங்குகள், அதற்கு மூலதனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி செலவாகும். அதே மனிதர் ஸ்டாப்லாஸை 188-க்கு உயர்த்தினால் இழப்பு 3 ஆகக் குறைகிறது, பங்குகள் 3,333 ஆகின்றன, மூலதனத்தில் 64 சதவீதம் ஒரே பங்கில் போய் உட்காருகிறது. காகிதத்தில் இரண்டிலும் இழப்பு அதே 10,000.

188 என்பது பங்கு சாதாரணமாக ஆடிக்கொண்டிருந்த 184–190 வீச்சுக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கெட்ட செய்தியும் இல்லாமலே விலை அதைத் தொட்டுவிட்டு மேலே போகும். அதைவிடக் கடுமையானது, ஒரு நாள் காலையில் பங்கு 170-ல் தொடங்குவது. அப்போது ஸ்டாப்லாஸ் 188-ல் இருந்தாலும் 183.5-ல் இருந்தாலும் விற்பனை நடப்பது 170-ஐ ஒட்டித்தான். முதல் கணக்கில் இழப்பு ஏறத்தாழ 28,000, அதாவது மூலதனத்தில் 2.8 சதவீதம். இரண்டாவதில் 70,000, அதாவது 7 சதவீதம். ஸ்டாப்லாஸ் எவ்வளவு நெருங்கியிருந்தாலும் ஒரே பங்கில் மூலதனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதிக்கு மேல் போடுவதில்லை என்று தனியாக ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

200 நாள் சராசரிக்குக் கீழே

விலை தன் 200 நாள் சராசரிக்குக் கீழே இருக்கும்போது வரும் சுருக்கம் இந்த வடிவம் அல்ல. பெரும்பாலும் அது அடுத்த சரிவுக்கு முந்தைய இளைப்பாறல்.

கையகப்படுத்தும் அறிவிப்பு வந்த பங்கு

வேறொரு நிறுவனம் குறிப்பிட்ட விலைக்கு முழுவதுமாக வாங்கிக்கொள்வதாக அறிவித்துவிட்டால், பங்கு அந்த விலைக்குச் சற்றுக் கீழே வந்து அப்படியே நின்றுவிடும். ஏற்ற இறக்கம் 1 சதவீதத்துக்குள் சுருங்கும், வர்த்தக அளவும் சில நாள்களில் வற்றும், இறுகிய பங்குகளைத் தேடித்தரும் வடிகட்டிப் பட்டியலில் முதலிடத்தில் வந்து உட்காரும். பேரம் முறிந்தால் பெரிய இறக்கம், முறியாவிட்டால் அறிவித்த விலை. போட்டி விலை சொல்ல இன்னொருவர் வந்தாலொழிய அதற்கு மேலே போக வழியில்லை. பட்டியலில் திடீரென்று இப்படி இறுகிய பங்கு தென்பட்டால், வரைபடத்தைப் பெரிதாக்கும் முன் அந்த நிறுவனத்தின் கடைசி அறிவிப்புகளைப் படித்துவிடுங்கள்.