மின்சாரமும் நெட்டும் போனபோது கெடு நீட்டிப்புக் கேட்ட விதம்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போயின. சிக்னல் கிடைத்த இடத்துக்குப் போய், அசைன்மென்ட் கெடு முடியுமுன்பே பயிற்றுநருக்கு அனுப்பிய மெயில் இது:

“ஐயா, 4ஆம் தேதி காலையிலிருந்து எங்கள் பகுதியில் மின்சாரமும் இணையமும் இல்லை. மூன்றாம் அசைன்மென்ட்டில் பாதி முடிந்தது; இணைத்துள்ளேன். 9ஆம் தேதி இரவு வரை அவகாசம் தர முடியுமா?”

தேதி சொல்லாமல் “கொஞ்சம் டைம் கொடுங்க” என்றால் பதிலுக்கு “எத்தனை நாள்?” என்றுதான் வரும், அதற்குள் சிக்னல் மறுபடி போய்விடும். ஆதாரத்துக்கு மின்தடைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் போதும். மின் இணைப்பு எண்ணை மறைத்துவிடுங்கள்.

சம்மதம் வந்தும் அப்லோட் ஆகவில்லை. அசைன்மென்ட் ஏற்றும் தளம் பழைய தேதியிலேயே தானாகப் பூட்டியிருந்தது. என் கணக்குக்கு மட்டும் கெடுவை மாற்றச் சொல்லி இன்னொரு மெயில் போட்டபிறகே திறந்தது. முதல் மெயிலிலேயே அதைக் கேட்டிருக்கலாம்.