இரண்டு லைனுக்கும் சரிபாதி வேண்டாம்

அலுவலகத்தில் 100 எம்பிபிஎஸ், 40 எம்பிபிஎஸ் என இரண்டு இணைய லைன்கள் இருந்தால், இரண்டுக்கும் இணைப்புகளைப் பங்கிடும் லோட் பேலன்ஸ் ரௌட்டரில் வெயிட்டை, அதாவது பங்கு விகிதத்தை, 1:1 என விடாமல் 5:2 என மாற்றுங்கள். பில்லில் போட்டிருக்கும் வேகத்தை நம்ப வேண்டாம். வேலை நேரத்தில் ஒவ்வொரு லைனையும் தனியாக அளந்து விகிதம் போடுங்கள்.

ரௌட்டர் பங்கிடுவது வேகத்தை அல்ல, இணைப்புகளை. ஒரே நேரத்தில் 14 டவுன்லோடு ஓடினால், சரிபாதியில் சின்ன லைனில் 7 சேர்ந்து ஆளுக்கு 6 எம்பிபிஎஸ்கூடக் கிடைக்காது. 5:2 வைத்தால் 10, 4 எனப் பிரிந்து எல்லோருக்கும் ஏறக்குறைய 10 கிடைக்கும்.

ஒரே ஒரு பெரிய டவுன்லோடு மட்டும் இதனால் வேகமாகாது. ஓர் இணைப்பு ஒரு லைனில்தான் ஓடும். அப்புறம், வங்கித் தளம் பாதியில் லாக்அவுட் ஆனால், இணைப்புகள் லைன் மாறிப் போவதால் ஐபி முகவரி மாறுவது காரணமாக இருக்கலாம். அந்தக் கணினியை ஒரே லைனில் நிறுத்திவிடுங்கள்.