முந்திரி ஏற்றுமதி விலைப்பட்டியலில் கிலோவும் பவுண்டும் குழம்பும் இடங்கள்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஏற்றுமதிக்குக் காகிதம் எழுதுவது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் இருந்து ஒருவர் மாதிரி வாங்கிவிட்டு, "W320 என்றீர்கள், ஒரு கிலோவில் கிட்டத்தட்ட 690 பருப்பு இருக்கிறதே, பொடிப் பருப்பை அனுப்பிவிட்டீர்களா?" என்று கோபமாக எழுதினார். பருப்பில் குறை இல்லை. நான் எழுதியதில்தான் குறை. W320 என்றால் ஒரு பவுண்டில் 300 முதல் 320 முழுப் பருப்பு என்று பொருள். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் அது 660 முதல் 705 வரை வரும். பவுண்டு என்ற சொல்லையே நான் எழுதாததால், கிலோவில் புழங்குகிறவர் கிலோவுக்கு 320 என்று எடுத்துக்கொண்டார். அன்று முதல் தரத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே 'பவுண்டுக்கு 300-320, கிலோவுக்கு 660-705' என்று எழுதிவிடுகிறேன். சரிபார்க்கவும் வழி எளிது. சரக்கின் நாலைந்து இடங்களில் இருந்து அள்ளிக் கலந்து, ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் நிறுத்து எண்ணிப் பார்த்தால் போதும்.

நம் தொழிலே இரண்டு அளவிலும் கால் வைத்துத்தான் நிற்கிறது. கொட்டை வாங்கும்போது 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று பேசுகிறோம். 48 பவுண்டு என்றால் சுமார் 21.8 கிலோ. இது நமக்குள் பழகிவிட்ட பேச்சு. வெளியே போகும் காகிதத்தில் அப்படியே வைத்தால் வாங்குபவர் திணறிப்போவார்.

அடுத்த தவறு பெட்டியில். ஏற்றுமதிப் பெட்டி வழக்கமாக 25 பவுண்டுப் பை இரண்டு கொண்டது, அதாவது 50 பவுண்டு, 22.68 கிலோ. '25' என்ற எண்ணைப் பார்த்த பழக்கத்தில் பெட்டிக்கு 25 கிலோ என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. 100 பெட்டி ஆர்டரில் ஒருவர் 2500 கிலோ எதிர்பார்ப்பார், போய்ச் சேருவது 2268 கிலோ. 232 கிலோ எங்கே என்று சண்டை வரும். கணக்கு அழகாக இருக்கட்டும் என்று 23 கிலோ எனச் சுருக்கினாலும் 32 கிலோ இடிக்கும். அதனால் சரக்கைக் கட்டும் அளவையே மூலமாக வைத்து, மொத்தத்தை ஒரே தடவை மாற்றி, அப்புறம்தான் முழு எண்ணாக்க வேண்டும். நான் எழுதுவது இப்படி:

```
W320, 100 cartons
1 carton = 2 x 25 lb = 50 lb = 22.68 kg net
Total = 5000 lb = 2268 kg net
Price = USD 3.40 per lb
Amount = USD 17000
```

விலை பவுண்டுக்கா கிலோவுக்கா என்பது இதில் ஒளிந்திருக்கவில்லை. பெட்டியும் பையும் சேர்ந்த எடையைத் தனி வரியில் எழுதுவேன். நிகர எடையோடு அதைக் கலக்கக் கூடாது. பிரிட்டன்காரருக்கு எழுதும்போது 'pound' என்ற சொல் அவர்கள் நாணயத்துக்கும் பொருந்தும், அதனால் எடைக்கு lb மட்டும்தான்.

மேலே 2268 என்பதில் காற்புள்ளி வைக்காததைக் கவனித்திருப்பீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு நாட்டவரோடு கணக்குப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அவர்களுக்குக் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. '2,268 kg' என்பதை இரண்டே கால் கிலோ என்று ஒரு பிரெஞ்சுக்காரரோ ஜெர்மானியரோ வாசித்தால் அவர் மேல் தப்பில்லை. '22.680' என்று மூன்று இலக்கம் போட்டால், ஜெர்மானியர் கண்ணுக்கு அது இருபத்திரண்டாயிரம். ஆயிரத்தைப் பிரிக்கும் குறிக்குப் பின் எப்போதும் மூன்று இலக்கம் வரும், ஆகவே தசமத்தை இரண்டோடு நிறுத்தினால் யாருக்கும் ஐயம் வராது. 1,25,000 என்ற நம் லட்சக் காற்புள்ளியும் வெளிநாட்டுக் காகிதத்தில் வேண்டாம்.

நீர்மப் பொருளுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். 'கேலன்' என்று எழுதாதீர்கள். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர்.

பெட்டியின் நீள அகல உயரத்தில்தான் பலருக்கும் கைக்காசு போகிறது. மாதிரிப் பெட்டிக்கு '16 x 12 x 10' என்று மட்டும் எழுதி கூரியர் கட்டணம் கேட்கிறார்கள். அவை அங்குலம். ஆனால் இணையப் படிவம் சென்டிமீட்டர் என எடுத்துக்கொள்கிறது. மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பல கூரியர்களின் வழக்கம், அந்தக் கணக்கில் 0.38 கிலோ வரும். பெட்டியை அவர்கள் அளந்து பார்க்கும்போது 40.6, 30.5, 25.4 சென்டிமீட்டர். கன அளவு எடை 6.3 கிலோ. உள்ளே 4 கிலோ பருப்புதான் இருந்தாலும் 6.3-க்கே கட்டணம் போடுவார்கள். அளவுநாடாவைப் பெட்டியின் வெளிப்பக்கம் வைத்து, ஒட்டி முடித்த பிறகு புடைத்திருக்கும் இடத்தையும் சேர்த்து அளந்து, மூன்று எண்ணுக்கும் பின்னால் cm என்று எழுதுங்கள்.